ஓடு வேய்ந்த டிஸ்க்

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவளைக் 'கிடங்கு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பழைய படப்பதிவுகளைச் சேர்த்து வைத்துக் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. "கிடங்கு, அந்தப் பழைய பாலம் இடிச்சது இருக்கா?" என்று எடிட்டர் கேட்டால், தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலேயே எடுத்துக் கொடுப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பெயர் கேட்டுக் கோபம் வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

அந்த வருஷம் அவளிடமிருந்து நிறையப் போயிருந்தது. கணவன் வீட்டைவிட்டுப் போய், தன் கடைக்கு மேலேயே ஓர் அறையில் தங்கிக்கொண்டான். சண்டை என்று ஒன்று நடக்கவில்லை. இருவரும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் படிப்பில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து சர்க்யூட் பலகையில் பற்றவைக்கப் பழகி, அப்படியே கல்யாணமும் செய்துகொண்டவர்கள். பேச்சு ஒருநாள் குறைந்தது, மறுநாள் இன்னும் குறைந்தது, கடைசியில் 'கேஸ் தீர்ந்துபோச்சு', 'சாவி மேசை மேல' என்ற அளவில் வந்து நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பையில் சட்டைகளை மடித்து வைத்தான். அவள் வாசல்வரை வந்து, "மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துக்கோ," என்றாள். அவ்வளவுதான்.

அவளுடைய அக்கா போனில் துருவித் துருவிக் கேட்பாள்.

"அடிச்சானாடி?"

"இல்லக்கா."

"வேற எவளாவது?"

"இல்லக்கா."

"பின்ன என்னதான்டி?"

"தெரியலக்கா. தூங்கி எந்திரிச்சா கால் மரத்துப்போய் இருக்கும் பாரு, கிள்ளினாலும் தெரியாது. அந்த மாதிரி இருக்கு."

"கால் மரத்தா நடந்துட்டா சரியாயிடும். எந்திரிச்சு நட," என்றாள் அக்கா. அவள் நடந்துகொண்டுதான் இருந்தாள். வீட்டிலிருந்து நிலையத்துக்கு, நிலையத்திலிருந்து வீட்டுக்கு.

கிடங்கு என்பது ஓர் அறை. ஜன்னல் கிடையாது, குளிர்சாதனம் எப்போதும் ஓடும். நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் எட்டு டிஸ்க்குகள். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து எடுத்த படம் முழுக்க அதில்தான் இருந்தது. பத்திரமாக இன்னொரு பிரதி வேண்டும் என்று அவள் பலமுறை கேட்டிருந்தாள். பார்க்கலாம் என்பதே மேலிடத்தின் பதிலாக இருந்தது. இருந்தாலும் பெட்டிக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. எட்டில் ஏதாவது ஒன்று செத்தாலும் மற்ற ஏழும் கூடிக் கணக்குப் போட்டு, போனதில் என்ன இருந்தது என்று சொல்லிவிடும். புது டிஸ்க் ஒன்றைச் செருகினால் அதில் அத்தனையையும் மறுபடி எழுதி வைக்கும். அந்த வேலைக்கு 'ரீபில்ட்' என்று பெயர். ஒன்று போனால் சமாளிக்கும். ரீபில்ட் முடிவதற்குள் இரண்டாவதும் போனால் எல்லாம் போச்சு.

ஒரு காலையில் மூன்றாவது டிஸ்க்கின் விளக்கு சிவப்பாக எரிந்தது. இதில் பதற ஒன்றுமில்லை. வருஷத்துக்கு ஒன்று அப்படிப் போகும். டிஸ்க் எப்போதும் வாங்குவது கணவன் கடையில்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நிலையம் அங்கே வாங்கிக்கொண்டிருந்தது. போன் செய்தாள்.

"பெட்டிக்கு ஒரு டிஸ்க் வேணும். எப்பவும் வாங்குறதுதான்."

"இருக்கு. புது சரக்கு வந்திருக்கு. நானே கொண்டாரேன்."

அவன் வந்தான். முகத்தில் சவரம் செய்யாத ரோமம். அறை வாசலில் நின்று டிஸ்க்கை நீட்டினான். பெட்டியில் இருப்பவற்றின் அதே பெயர், அதே நிறத்தில் ஒட்டுத்தாள். அவள் வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கியா?" என்றாள். "இருக்கேன்," என்றான். லிஃப்ட் வந்தது, ஏறிப் போனான்.

டிஸ்க்கைச் செருகியதும் ரீபில்ட் விறுவிறுவென்று ஓடியது. நாளைக்குள் முடிந்துவிடும் என்று திரை காட்டியது. சாயங்காலம் பார்த்தபோது வேகம் பாதியாக இருந்தது. மறுநாள் காலை அது தவழ்ந்துகொண்டிருந்தது. நாளை என்று சொன்ன திரை இப்போது வாரக்கணக்கில் சொன்னது. அதற்கும் அடுத்த நாள், பெட்டி அந்தப் புது டிஸ்க்கையே 'பதில் சொல்லவில்லை, செத்துவிட்டது' என்று தீர்ப்பெழுதி வெளியே தள்ளிவிட்டது.

மேலாளர் கிடங்குக்கு வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பதற்றம் வந்தால் வாயில் வடிகட்டி இருக்காது.

"புதுசு எப்படிம்மா சாகும்?"

"சில சமயம் நடக்கும் சார். வேற ஒண்ணு வரவழைக்கிறேன்."

வேறொன்று வந்தது. அதே சரக்கு. அதுவும் குதிரை மாதிரி கிளம்பி, ஆமையாகி, கடைசியில் பெட்டியிலிருந்து துரத்தப்பட்டது. இந்த முறை மேலாளரோடு கொள்முதல் பிரிவுக்காரரும் வந்தார்.

"ஒரே கடை, ரெண்டு டிஸ்க், ரெண்டும் செத்துப்போச்சு. போலிச் சரக்கா இருக்குமோ?" என்றார் கொள்முதல்காரர், சுவரைப் பார்த்து. பிறகு, "கடைக்காரர் உங்க வீட்டுக்காரர்தானே?" என்று கேட்டார்.

வேறொரு சமயமாக இருந்தால் அவளுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். இப்போது, யாரோ யாரிடமோ கேட்கிறார்கள் என்பதுபோல் இருந்தது. "ஆமா சார். ரெண்டையும் நான் சோதிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்," என்றாள்.

தன் மேசைக் கம்ப்யூட்டரில் இரண்டையும் மாட்டினாள். டிஸ்க்குகளின் உடல்நிலை அறிக்கையில் ஒரு குறைகூட இல்லை. கெட்டுப்போன இடம் ஒன்றுமில்லை, கேபிளிலும் குற்றமில்லை. போலியும் இல்லை. அப்படியானால் என்ன? பல்லாயிரம் சின்னக் கோப்புகளை ஒன்றில் நகலெடுக்க விட்டாள். முதலில் சரசரவென்று போனது. கொஞ்ச நேரத்தில் வேகம் பொத்தென்று விழுந்து, பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் இழுத்தது. நகலெடுப்பதை நிறுத்தினாள். கம்ப்யூட்டர் எதுவும் கேட்கவில்லை. ஆனால் டிஸ்க் மேல் கை வைத்தால் உள்ளே ஏதோ நகர்ந்துகொண்டே இருந்தது. யாரும் சொல்லாமலே தனக்குத் தானே ஏதோ வேலை செய்துகொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது அது அமைதியாக இருந்தது. மறுபடி நகலெடுத்தாள். பழைய வேகம் வந்திருந்தது. கொஞ்ச நேரம்தான்; பிறகு மறுபடி பொத்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒட்டுத்தாளைக் கண்ணருகே பிடித்தாள். மாடல் எண்ணின் கடைசி இரண்டு எழுத்துகள் பழைய டிஸ்க்குகளில் இருப்பதிலிருந்து வேறாக இருந்தன. டிஸ்க்கிடம் அதன் குணங்களைப் பட்டியலிடச் சொன்னாள். காலியான இடத்தை எனக்குத் தெரியப்படுத்து என்று கேட்கும் வசதி அதற்கு இருந்தது. வழக்கமான டிஸ்க்குக்கு அந்த வசதி எதற்கு? எந்த இடம் காலி, எது நிறைந்தது என்று அதற்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லையே.

அன்று மத்தியானம் டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கணவன் கடைக்குப் போனாள். கடை சின்னது, தரையெல்லாம் அட்டைப்பெட்டி. அவன் ஒரு லேப்டாப்பைத் திறந்து போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இது எஸ்.எம்.ஆர்.," என்றாள், உட்காராமலே.

"சேச்சே. அது மலிவான வெளி டிஸ்க்ல போடுவாங்க. இது பெட்டிக்குன்னே வர்ற வரிசை. அட்டையிலயே போட்டிருக்கு பாரு."

"அட்டையில போட்டிருக்கு. உள்ள வேற போட்டிருக்காங்க."

அவன் மாடல் எண்ணைப் பார்த்தான். தயாரித்த நிறுவனத்தின் விவரத்தாளைத் தேடித் திறந்தான். கொள்ளளவு, சுழலும் வேகம், உத்தரவாதம் எல்லாம் இருந்தன. எப்படி எழுதுகிறது என்பதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடைக்கு வந்திருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார், தன் லேப்டாப்புக்காகக் காத்திருந்தவர், இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படின்னா என்னங்க?" என்றார்.

கணவன் பதில் சொல்லும் நிலையில் இல்லை. அவளே சொன்னாள். "டிஸ்க்குக்குள்ள தட்டு இருக்கு சார். அதுல வட்ட வட்டமா கோடு போட்டு எழுதும். வழக்கமான டிஸ்க்ல ஒவ்வொரு கோடும் தனித்தனி, நடுவுல கொஞ்சம் இடைவெளி. எதை வேணா எப்ப வேணா அழிச்சு எழுதலாம், பக்கத்துக் கோட்டுக்கு ஒண்ணும் ஆகாது. இதுல அதே தட்டுல நிறைய அடைக்கணும்னு, கூரைக்கு ஓடு வேயுற மாதிரி, ஒரு கோட்டு மேல அடுத்த கோடு கொஞ்சம் ஏறி உட்காரும்."

"எழுதினது அழிஞ்சுடாதா?"

"அழியாது. எழுதுற முனை அகலம், படிக்கிற முனை குறுகல். அதனால வெளிய தெரியிற ஓரம் படிக்கப் போதும். ஆனா கூரை நடுவுல ஒரு ஓடு மாத்தணும்னா? அது மேல ஏறியிருக்கிறதையெல்லாம் எடுத்துட்டுத்தானே மாத்த முடியும். அதே மாதிரி, ஒரு கோட்டைத் திருத்தினா அதுக்கடுத்த கோடுகளையும், அது சேர்ந்த கோட்டுக் கட்டு முடியிற வரைக்கும் திரும்ப எழுதணும்."

"அப்போ ரொம்ப நேரம் ஆகுமே."

"அதுக்குத்தான் ஓரமா ஒரு இடம் வச்சிருக்கு. வர்றதை முதல்ல அங்க கொட்டிக்கும். சும்மா இருக்கும்போது எடுத்து ஒழுங்கா அடுக்கும். கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தா வித்தியாசமே தெரியாது. ஓயாம கொடுத்துக்கிட்டே இருந்தா அந்த ஓரம் ரொம்பிடும். அப்புறம் வாங்கவும் செய்யணும், அடுக்கவும் செய்யணும். மூச்சு முட்டும்."

"எங்க வீட்டுத் துணி மாதிரி," என்றார் வாத்தியார். "நாற்காலி மேல குவிச்சு வச்சிருப்போம். மடிக்கிற நாளே வராது."

கணவன் சிரித்தான். அவளுக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. அவன் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, அதனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

வாத்தியார் போனபின் அவன் கேட்டான். "ஆனா ரீபில்ட் வரிசையாத்தானே எழுதும்? வரிசையா எழுதினா இது தாங்கணுமே?"

"நம்ம பெட்டி அப்படிப் போகாது. கோப்பு வரிசையில போகும். டிஸ்க்ல அது இங்க ஒண்ணும் அங்க ஒண்ணுமா விழும். போதாததுக்கு எடிட்டர்ங்க வேற அன்னன்னிக்குப் படத்தைக் கொட்டிக்கிட்டே இருக்காங்க. ஒரு கட்டத்துல இது பதில் சொல்லவே அரை நிமிஷம், ஒரு நிமிஷம் எடுக்குது. பெட்டி செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிடுது."

"எனக்குத் தெரியாது," என்றான். "சத்தியமா தெரியாது."

"தெரியும்னு நான் சொல்லலையே."

"உங்க ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்க."

அவள் டிஸ்க்கை எடுத்துக் கைப்பையில் போட்டாள். அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "பழைய மாடல் இங்க யார்கிட்டயும் இல்ல. வெளியூர் மொத்த வியாபாரிகிட்ட இருக்கலாம். நான் போய்ப் பார்க்கிறேன்."

அவள் நிலையத்துக்குத் திரும்பியபோது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக இருந்தது. ஆறாவது டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்கள் தோன்றியிருந்தன, மஞ்சள் விளக்கு. அதுவும் செத்துப்போன மூன்றாவதும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வயது. இழுத்தடித்த இரண்டு ரீபில்ட்டிலும் மீதி டிஸ்க்குகள் இரவு பகலாக ஓடியிருந்தன. அதனால்தான் வந்ததா, வர வேண்டியது வந்ததா, யாரால் சொல்ல முடியும்?

மேலாளரிடம் போனாள். "சார், ரெண்டு டிஸ்க்கும் கெட்டுப்போகல. பெட்டிக்கு ஒத்துவராத ரகம். போலியும் இல்ல. ஆனா ஆறாவது போகப்போகுது. சரியான டிஸ்க் வர்றதுக்குள்ள முக்கியமானதை வெளிய எடுத்துடறேன்."

"எதுல எடுப்பே?"

"அந்த ரெண்டுலயும்தான்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "ஆமை மாதிரி போகுதுன்னு நீதானேம்மா சொன்னே?"

"அங்கங்க திருத்தச் சொன்னா ஆமை. முதல்லேர்ந்து வரிசையா, ஒரே தடவை எழுதினா நல்லாவே எழுதும் சார்."

பாதி ரீபில்ட்டின் குப்பை இரண்டு டிஸ்க்கிலும் கிடந்தது. வெறுமனே அழித்தால் போதாது. பட்டியலில் பெயர் போகுமே தவிர, இடம் காலி என்று டிஸ்க்குக்குத் தெரியாது. அந்தக் குப்பைக் கோடுகளையும் பழையபடி காபந்து பண்ணிக்கொண்டேதான் எழுதும். ஆகவே முழு டிஸ்க்கும் காலி என்று அதற்கே அறிவிக்கும் கட்டளையைக் கொடுத்தாள். பிறகு சில்லறைக் கோப்புகளை ஆயிரக்கணக்கில் ஒன்றாகப் பெரிய மூட்டைகளாகக் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினாள். நடுவில் எதையும் திருத்தவில்லை, அழிக்கவில்லை. வேகம் எப்போதாவது சரிந்தால் நிறுத்தி, உள்ளே அடுக்கி முடிக்கட்டும் என்று விட்டாள். பிறகு அடுத்த மூட்டை.

இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தாலும் பெட்டியில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கொள்ளும். எதை எடுப்பது, எதை விடுவது என்று அவள்தான் சொல்ல வேண்டும். மேலாளரைக் கேட்டாள். "எல்லாமே முக்கியம்தாம்மா," என்றார். எல்லாமே முக்கியம் என்றால் ஒன்றும் முக்கியமில்லை என்றுதான் அர்த்தம். அவளே உட்கார்ந்தாள். வெள்ளம், தீ விபத்து, தேர்தல், இனி இல்லாத மனிதர்களின் பேட்டிகள், இனி இல்லாத தெருக்கள். இவை புது டிஸ்க்குகளுக்குப் போகட்டும். தினசரிச் செய்திகள், கூட்டங்கள், ரிப்பன் வெட்டல்கள், சந்தையில் காய் விலை கேட்பது. இவை பெட்டியிலேயே நிற்கட்டும். பழைய வீட்டுச் சாமான்களைத் தரம் பிரிப்பதுபோல் பிரித்துக்கொண்டே போனாள். தாடி வைத்த எடிட்டர் ஒருமுறை எட்டிப் பார்த்து, "உனக்குப் பாவமா இல்லையா கிடங்கு?" என்றார். "அப்புறம் பாவப்பட்டுக்கலாம்," என்றாள்.

இரண்டும் நிரம்பிய மறுநாள் கணவன் வந்தான். தோளில் பை, சட்டையெல்லாம் பயணக் கசங்கல். "கிடைச்சுது. ஓடு வேயாத பழைய ரகம், சி.எம்.ஆர்.தான். அட்டையைப் பிரிச்சு எண்ணைப் பார்த்துட்டுத்தான் வாங்கினேன்." இம்முறை வாசலில் நிற்காமல் உள்ளே வந்து அவனே செருகினான். ரீபில்ட் கிளம்பியது. சாயங்காலமும் அதே வேகம். மறுநாள் காலையிலும் அதே வேகம். அவன் தன் கடையைத் திறக்காமல் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், எழுதும் முனையைப் பற்றி, ஓடு மாதிரி ஏறும் கோடுகளைப் பற்றி, எந்த நிறுவனம் எந்த மாடலில் எதைச் சொல்லாமல் மறைக்கிறது என்பதைப் பற்றி. அந்த வருஷம் முழுக்கப் பேசியதைவிட அந்த ஸ்டூலில் பேசியது அதிகம்.

முக்கால் பங்கு தாண்டியபோது ஆறாவது டிஸ்க்கிலிருந்து டக் டக்கென்று ஒரு சத்தம் வந்தது. இருவருமே அந்தச் சத்தம் தெரிந்தவர்கள். திரை சிவந்தது. பெட்டி எதையும் தர மறுத்து மூடிக்கொண்டது.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "அழறதுன்னா அழு," என்றான்.

"வரல."

"எனக்கும்தான் வரமாட்டேங்குது," என்றான், மெதுவாக. எதைப் பற்றிச் சொல்கிறான் என்று அவள் கேட்கவில்லை. பெட்டியைப் பற்றி இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அழிந்த பதிவுகளை மீட்டுத் தருபவர்களிடம் பெட்டியை அனுப்பினார்கள். தட்டிலேயே கீறல் விழுந்துவிட்டது, முடியாது என்று திரும்பி வந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் படம் போனது. மேலாளர் மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு இன்னொரு பிரதிக்கான கருவி ஒரே வாரத்தில் வந்து இறங்கியது. டிஸ்க் தயாரித்த நிறுவனத்துக்கு அவள் எழுதியதற்கு, இந்த மாடல் குறைந்த பயன்பாட்டுக்கு ஏற்றது என்று உப்புச் சப்பில்லாத ஒரு பதில் வந்தது. கணவன் மேல் குற்றமில்லை என்று அவள் எழுதிக் கொடுத்தாள். அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டாலும் அந்தக் கடையில் வாங்குவதைக் கொள்முதல்காரர் நிறுத்திவிட்டார். "மனசுக்கு ஒரு இதுதான்மா," என்றார்.

மழைக்காலம் முடிந்து அவர்கள் முறைப்படி பிரிந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, எதிர்க்கடையில் தேநீர் குடித்தார்கள். கடையில் இப்போது டிஸ்க்குகளை இரண்டு அலமாரியாகப் பிரித்து வைத்திருப்பதாக அவன் சொன்னான். நகல் எடுத்து மூடி வைக்க ஒன்று, நாள் முழுக்க உழைக்க ஒன்று. "யார் வந்து கேட்டாலும், எதுக்குன்னு கேட்டுட்டுத்தான் கொடுக்கிறேன்," என்றான். "நல்லது," என்றாள். பஸ் வந்தது, அவள் ஏறிக்கொண்டாள்.

சில மாதம் கழித்து எடிட்டர் தாடிக்காரர் கிடங்குக்கு வந்தார். சந்தையில் காய் விற்ற ஓர் அம்மாள், விலை ஏறியதற்கு அமைச்சரை நல்ல தமிழில் திட்டுவாளே, அந்தத் துண்டுப் படம் வேண்டும் என்றார். அந்த அம்மாள் இறந்துவிட்டாளாம். மகன் கேட்டு வந்திருக்கிறானாம். வேறு படமே இல்லையாம்.

அவள் தேடவில்லை. எந்தத் தேதி, எந்த வரிசை என்றுகூட நினைவிருந்தது. நிற்கட்டும் என்ற பக்கத்தில் அவளே வைத்தது.

"இல்ல," என்றாள்.

தாடிக்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த அம்மாளின் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். கரகரவென்று, நடுவில் ஒரு சிரிப்போடு. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து, மகன் வரவேற்பறையில் இருக்கிறானா என்று பார்க்கப் போனாள். போய் என்ன சொல்வது என்று தெரியாது. இருந்தாலும் அதைத் தானே நேரில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.